ஏழு மணிக்கு எங்கே அந்த லிங்க்?

மாலை மணி ஏழு. மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர் மூலையில் தெரியும் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பதிவு செய்தவர்கள் 180 பேர். உள்ளே வந்திருப்பவர்கள் 41. “இன்னும் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு ஆரம்பிச்சிடலாம்” என்கிறார். ரெண்டு நிமிஷம் ஏழு நிமிஷமாகிறது. எண்ணிக்கை 58-இல் நின்றுவிடுகிறது.

2020 ஊரடங்குக்குப் பிறகு வெபினார் நடத்திய எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. இலவசமாக நடக்கும் இணையக் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை நேரில் வந்தாலே வழக்கமான வருகைதான் என்று இத்துறையில் இருப்பவர்கள் சொல்வார்கள். ஆள் குறைந்ததும் பெரும்பாலானோருக்கு முதலில் தோன்றும் யோசனை, “விளம்பரம் போதவில்லை, அடுத்த முறை இன்னும் பத்து குரூப்பில் போடுவோம்” என்பதுதான். அப்படிப் போட்டால் 180 பதிவு 300 ஆகலாம். வராதவர்களும் அதே விகிதத்தில் கூடுவார்கள். ஓட்டை இருப்பது அறிவிப்பில் இல்லை. பெயர் கொடுத்த நொடிக்கும் கூட்டம் தொடங்கும் நொடிக்கும் இடையே இருக்கும் அந்தச் சில நாட்களில் இருக்கிறது.

இதைப் பற்றி நம்பகமாகத் தெரிந்துகொள்ள நல்ல இடம் மருத்துவமனை. டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு வராமல் போகிறவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்களை வரவைக்கக் குறுஞ்செய்தி உதவுமா என்பதைச் சோதித்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, காக்ரேன் அமைப்பு 2013-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. நினைவூட்டல் எதுவும் இல்லாதபோது வந்தவர்கள் சுமார் 68 சதவீதம். குறுஞ்செய்தி போனபோது சுமார் 79 சதவீதம். போன் போட்டுச் சொன்னாலும் கிட்டத்தட்ட அதே பலன்தான்.

2015-இல் லண்டன் மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போனது. நினைவூட்டல் எல்லோருக்கும் போனது. வாசகம் மட்டும் மாறியது. வழக்கமான செய்தி பெற்றவர்களில் 11.1 சதவீதம் பேர் வரவில்லை. “நீங்கள் வராவிட்டால் பொதுச் சுகாதாரத் துறைக்குச் சுமார் 160 பவுண்டு செலவாகிறது” என்று தொகையோடு எழுதிய செய்தி பெற்றவர்களில் வராதவர்கள் 8.4 சதவீதம். ஒரே நேரம், ஒரே போன், ஒரு வரிதான் வேறு. நினைவூட்டல் அனுப்பினோமா என்று கேட்டு நிறுத்திவிடக் கூடாது, அதில் என்ன எழுதினோம் என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இதை வெபினாருக்கு எப்படிக் கொண்டுவருவது? திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். பிரிண்டிங், எம்பிராய்டரி, காம்பாக்டிங் என்று ஜாப் ஒர்க் செய்யும் சின்னச் சின்ன யூனிட்கள்தான் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். எல்லோருக்கும் ஒரே தலைவலி: வேலை முடித்துக் கொடுத்து மூன்று மாதமாகியும் பில் பணம் வரவில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கான சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். இதை விளக்க, ஜூன் 18 வியாழக்கிழமை மாலை 7 மணிக்கு ஒரு மணி நேர ஜூம் கூட்டம் வைக்க அலுவலகம் முடிவு செய்கிறது. சனிக்கிழமை சம்பள நாள், அன்று ஒருவரும் வர மாட்டார்கள் என்பது அவர்களுக்கே தெரியும்.

முதலில் எழுதிய அழைப்பின் தலைப்பு இது: “எங்கள் அலுவலகம் நடத்தும் சிறு குறு தொழில்முனைவோருக்கான சட்ட விழிப்புணர்வு இணையவழிக் கருத்தரங்கு – அழைப்பிதழ்”. கைப்பேசியின் இன்பாக்ஸில் தலைப்பின் முதல் முப்பது, நாற்பது எழுத்துதான் தெரியும். இங்கே தெரிவது “எங்கள் அலுவலகம் நடத்தும் சிறு குறு தொழில்…” என்பது மட்டுமே. படிப்பவருக்கு அதில் எதுவும் இல்லை. ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது நல்ல காரியம்தான், ஆனால் நாளைக்கும் பெற்றுக்கொள்ளலாம் என்று தோன்றவைக்கும். வராத பில் அப்படி இல்லை. அது இன்றைக்கே வலிக்கிறது.

மாற்றி எழுதிய மெயில் இப்படி இருந்தது:

“தலைப்பு: 45 நாள் தாண்டிய பில்லுக்கு வட்டி – ஜூன் 18 வியாழன் மாலை 7

வணக்கம் சார்,

மார்ச் மாதம் போட்ட பில்லுக்கு இன்னும் பணம் வராத பார்ட்டி உங்களுக்கு ஒருவராவது இருப்பார். அவரிடம் சட்டப்படி வட்டி கேட்பது எப்படி, கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தை எப்படிச் சமாளிப்பது, உத்யம் சான்றிதழில் எதைச் சரிபார்க்க வேண்டும் – இந்த மூன்றை மட்டும் பேசப் போகிறோம்.

ஜூன் 18, வியாழன், மாலை 7 முதல் 8 வரை. ஜூமில். கட்டணம் இல்லை. கடைசி 20 நிமிடம் உங்கள் கேள்விகளுக்கு. நிகழ்ச்சிப் பதிவைப் பிறகு அனுப்புவோம். கேள்வி நேரம் மட்டும் அதில் இருக்காது, ஏனென்றால் அங்கே பார்ட்டி பெயர்கள் வரும்.

பதிவு செய்ய: (ஒரே ஒரு லிங்க்)”

கீழே அலுவலகத்தின் பெயருக்குப் பதில், வாடிக்கையாளர்கள் நேரில் பார்த்துப் பேசும் ஆடிட்டரின் பெயரும் கைப்பேசி எண்ணும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் நிகழ்ச்சிப் பதிவு பற்றிய வரி. “ரெக்கார்டிங் அனுப்புவோம்” என்று அழைப்பிலேயே பொதுவாகச் சொல்லிவிட்டால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் அன்றைக்கே ஒதுங்கிவிடுவார்கள். பிறகு பார்ப்பதும் இல்லை. சொல்லாமல் மறைப்பதும் சரியல்ல. உண்மையிலேயே வர முடியாதவர் இருப்பார். நேரில் வந்தால் மட்டுமே கிடைக்கும் ஒன்றை நிஜமாகவே வைத்துவிட்டு, அதைக் காரணத்தோடு சொல்லிவிடுவதுதான் நேர்மையான வழி.

அடுத்து, பதிவுப் படிவம். பெயர், மெயில், கைப்பேசி எண் கேட்பது எல்லோரும் செய்வது. இந்த அலுவலகம் கூடுதலாக இரண்டு கேள்விகள் சேர்த்தது. “வியாழன் 7 மணிக்கு எங்கிருந்து சேர்வீர்கள்: கம்பெனியிலிருந்தா, வீட்டிலிருந்தா, வழியிலா?” என்பது ஒன்று. “நிலுவையில் இருக்கும் ஒரு பில்லைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள்” என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பின்னால் ஓர் ஆய்வு இருக்கிறது. 2008-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உட்கட்சி முதனிலைத் தேர்தல் நடந்தபோது, டேவிட் நிக்கர்சன், டாட் ராஜர்ஸ் என்ற இருவர் சுமார் 2.87 லட்சம் வாக்காளர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலரிடம் போனில் “மறக்காமல் வாக்களியுங்கள்” என்று மட்டும் சொன்னார்கள். வேறு சிலரிடம், எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேட்டார்கள். இப்படித் திட்டத்தைச் சொல்லவைத்த அழைப்பைப் பேசி முடித்தவர்களிடம் வாக்குப்பதிவு சுமார் 4 சதவீதப் புள்ளி கூடியது. வாயால் சொன்ன திட்டம் அந்த நேரத்தில் தானாக நினைவுக்கு வருகிறது. “கம்பெனியிலிருந்து” என்ற பொத்தானை அழுத்தும் யூனிட்காரர் அந்த ஒரு நொடியில் வியாழன் மாலை தன் மேசையில் உட்கார்ந்திருப்பதை மனத்தில் பார்த்துவிடுகிறார்.

இரண்டாவது கேள்வியின் பயன் பிறகு தெரியும்.

பதிவு செய்ததும் அடுத்த நிமிடமே ஓர் உறுதி மெயில் போக வேண்டும். இங்கேதான் பல சிறிய அமைப்புகள் தடுக்கி விழுகின்றன. கூகுள் ஃபார்ம்ஸில் படிவம் வைத்தால் ‘உங்கள் பதில் பதிவாகிவிட்டது’ என்று திரையில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். கூட்டத்தின் லிங்க்கை அது தானாக அனுப்பாது. கூட்டத்தன்று மதியம் யாரோ ஒருவர் எல்லா முகவரிகளையும் பிசிசியில் போட்டு அனுப்புகிறார். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்பது அப்போதுதான் தெரியவருகிறது. ஜூம் வெபினாரிலேயே பதிவை வைத்தால் உறுதி மெயில் உடனே போய்விடும்.

அந்த உறுதி மெயிலில் இருக்க வேண்டிய முக்கியமான பொருள் லிங்க் அல்ல, நாட்காட்டிக் கோப்பு. மெயில் மறுநாளே நூறு மெயில்களுக்கு அடியில் போய்விடும். நாட்காட்டியில் ஏறிய கூட்டம் அந்த மணிக்குத் தானே மேலே வரும், லிங்க்கோடு. `.ics` என்று முடியும் இந்தக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். அதன் நடுவே இருக்கும் நான்கு வரிகள் இவை:

```
DTSTART:20260618T133000Z
DTEND:20260618T143000Z
SUMMARY:45 நாள் பில் - ஜூம் கூட்டம்
LOCATION:https://example.com/join
```

மாலை 7 மணிக் கூட்டத்துக்கு ஏன் 13.30 என்று கேட்கத் தோன்றும். கடைசியில் இருக்கும் `Z` என்ற எழுத்து உலகப் பொது நேரத்தைக் குறிக்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். கோப்பைக் கையால் எழுதுகிறவர்கள் `T190000Z` என்று போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிப் போட்டால் எல்லோருடைய நாட்காட்டியிலும் கூட்டம் வெள்ளிக்கிழமை அதிகாலை 12.30-க்கு ஏறும். அனுப்புகிறவர் முதலில் தன் கைப்பேசியில் ஒரு முறை சேர்த்துப் பார்த்தால் போதும், பிழை உடனே தெரிந்துவிடும். லிங்க்கை `LOCATION` வரியில் வைப்பதற்கும் காரணம் உண்டு: நாட்காட்டியைத் திறந்ததும் தலைப்புக்குப் பக்கத்திலேயே அது கண்ணில் படும், தொட்டாலே திறக்கும். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பையிங் ஏஜென்ட்கள் யாராவது சேர்ந்தால் அவர்களுக்கு மாலை 5.30, இரவு 9.30 என்று அவரவர் நேரமும் தானாகவே விழும்.

இனி நினைவூட்டல்கள். ஜூம் வெபினாரில் ஒரு வாரம் முன், ஒரு நாள் முன், ஒரு மணி நேரம் முன் என்று மூன்றைத் தானாக அனுப்ப வசதி உண்டு. மூன்றையும் இயக்கிவிட்டு, மூன்றிலும் ஒரே வாசகத்தை விட்டுவிடுவதுதான் பொதுவாக நடக்கிறது. ஒரே மெயில் மூன்று முறை வந்தால் இரண்டாவதிலிருந்து யாரும் திறப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வேலை கொடுக்க வேண்டும்.

முந்தைய நாள் போகும் செய்தியின் வேலை, ஆர்வத்தைத் திரும்ப எழுப்புவது. பதிவு செய்த அன்றிருந்த சூடு ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். படிவத்தில் வாங்கி வைத்த இரண்டாவது கேள்விக்கு இப்போதுதான் வேலை வருகிறது. திருப்பூர் அலுவலகம் புதன்கிழமை காலை அனுப்பியது இது: “உங்களில் பலர் எழுதியிருந்த கேள்வி: பார்ட்டியிடம் எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை, வாய்ப்பேச்சுதான், அப்போது 45 நாள் பொருந்துமா? பொருந்தாது, உங்களுக்கு அதைவிடச் சாதகம்: 15 நாள்தான். இதை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். நாளை மாலை 7 மணிக்கு அதிலிருந்தே ஆரம்பிக்கிறோம். உங்கள் ஒரு பில்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.” படித்தவருக்கு ஒரு பதில் கையில் கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி திறந்திருக்கிறது. பில்லை எடுத்து வைக்கும்போதே கூட்டத்துக்கான ஆயத்தம் தொடங்கிவிடுகிறது.

வர முடியாதவர்கள் ‘இல்லை’ என்று ஒரு சொல் பதில் எழுதலாம் என்றும் அதில் சேர்த்திருந்தார்கள். எழுதியவர்களை அடுத்த நினைவூட்டல்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். மரியாதைக்கு மரியாதை, எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கும் ஓரளவு தெளிவாகிறது.

ஒரு மணி நேரம் முன் போகும் செய்தி நேர்மாறானது. அதில் பேச்சுக்கு இடமில்லை. முதல் வரியிலேயே லிங்க். அடுத்த வரியில் “7 மணிக்குச் சரியாகத் தொடங்கும்; 6.55-க்கே உள்ளே வரலாம்”. மூன்றாவது வரியில், திறக்கவில்லை என்றால் அழைக்க ஓர் எண். முடிந்தது. இந்த நேரத்தில் மெயிலைத் திறப்பவர் தகவல் தேடவில்லை, லிங்க்கைத் தேடுகிறார். ஜூமின் தயார் வாசகத்தை அப்படியே விட்டால், அழகான பத்திகளுக்குக் கீழே விரலால் தள்ளித் தள்ளித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, 7 மணி 2 நிமிடத்துக்கு. “ஆரம்பிச்சாச்சு. முதல் கேள்வியில் இருக்கிறோம். லிங்க்:” என்று ஒரே வரி. இது மெயிலில் போனால் பார்க்க மாட்டார்கள், வாட்ஸ்அப்பில் போக வேண்டும். அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். அனுப்புகிறவரின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். மற்றவர்களுக்குப் போகாது, போகவில்லை என்ற அறிவிப்பும் வராது. அதனால் உறுதி மெயிலிலேயே “இந்த எண்ணை ‘ஆடிட்டர் ஆபீஸ்’ என்று சேமித்துவையுங்கள், லிங்க் இதிலிருந்துதான் வரும்” என்று எழுதிவிட வேண்டும். குழுவில் போட்டுவிடலாமே என்றால், பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் ஜூம் தனித்தனி லிங்க் கொடுக்கிறது. ஒருவருடைய லிங்க்கைக் குழுவில் போட்டால் அதை அழுத்துகிறவர்கள் அவர் பெயரில் உள்ளே வருவார்கள். பிறகு யார் வந்தார், யார் வரவில்லை என்ற அறிக்கையை நம்பவே முடியாது.

எஸ்.எம்.எஸ். அனுப்ப நினைப்பவர்கள் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மொத்தமாக அனுப்ப டிராய் விதிப்படி அனுப்புபவர் பெயரையும் வாசகத்தையும் பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். தமிழில் ஒரு செய்திக்கு 70 எழுத்துதான் இடம், அதுவும் கைப்பேசியின் கணக்கில். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். ‘வணக்கம்’ என்று எழுதினாலே ஏழு போய்விடுகிறது.

இவ்வளவும் செய்தது பலித்ததா என்று பார்ப்பது எப்படி? எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற கணக்கை நம்பிப் பயனில்லை. 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்த பிறகு, படிக்காத மெயில்கூடத் திறந்ததாகக் காட்டும். நம்பத் தகுந்தவை வருகை அறிக்கையில் இருக்கும் இரண்டு நேரங்கள்: ஒவ்வொருவரும் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். 7.02 செய்திக்குப் பிறகு 7.03-க்கும் 7.06-க்கும் இடையே ஒரு கூட்டம் உள்ளே வந்திருந்தால் அந்தச் செய்தி வேலை செய்திருக்கிறது. பட்டியலை இரண்டாகப் பிரித்து இரு வாசகங்களைச் சோதிக்கலாம்தான். ஆனால் ஆளுக்குத் தொண்ணூறு பேர் இருக்கும் இரண்டு பாதியில் நாலு பேர் வித்தியாசம் வந்தால் அது தற்செயலாகவும் இருக்கும். ஐந்தாறு கூட்டங்கள் சேர்ந்த பிறகுதான் எதையும் உறுதியாகச் சொல்லலாம்.

எதிர்பார்ப்புக்கும் ஓர் அளவு வேண்டும். மருத்துவமனை ஆய்வில் கூடியது பதினோரு புள்ளி. அங்கே வருகிறவருக்கு உடம்பில் ஏதோ ஒரு தொந்தரவு இருந்தது, இங்கே அப்படி இல்லை. வர நினைத்தும் மறந்தவரையும், லிங்க் கிடைக்காமல் விட்டவரையும் நினைவூட்டல் மீட்டுத்தரும். வரவே முடியாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டால் அதற்கு நினைவூட்டலிடம் மருந்து இல்லை.

அதைக் கண்டுபிடிக்கத்தான் கடைசி மெயில். வெள்ளிக்கிழமை காலை, வராதவர்களுக்கு மட்டும். நிகழ்ச்சிப் பதிவின் லிங்க், அதற்குக் கீழே ஒரே கேள்வி: “நேற்று வர முடியாமல் போனது லிங்க்காலா, நேரத்தாலா, வேறு வேலையாலா?” திருப்பூரில் அந்தக் கேள்வியைக் கேட்டால் எப்படிப்பட்ட பதில் வரும் என்று ஊகிப்பது கடினமல்ல. “சார், எட்டரை வரைக்கும் ஷிஃப்ட் ஓடுது. ஏழு மணிக்கு எப்படி உட்கார்றது? ஒன்பதுக்கு வைங்க, வர்றோம்.” பத்துப் பேர் இதையே எழுதினால், அடுத்த அழைப்பின் தலைப்பில் மாற வேண்டியது அந்த ஓர் எண்தான்.